அறுந்த வார், தேய்ந்த ஹீல், உதிரும் சோல்: எதைத் தைக்கக் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

செண்பகம்_பாளை

மூணு ஜோடி கையில இருக்கு. எதைச் சரிபண்ணக் கொடுக்கலாம்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முதலாவது, பெருவிரல் வளையம் வச்ச தட்டைத் தோல் செருப்பு. இடது காலில் வளையத்தோட ஒரு முனை சோலுக்குள்ள இருந்து உருவிக்கிட்டு வெளிய வந்துட்டு. வார் அறுகல, நுனி முழுசா இருக்கு.

இரண்டாவது, ஒல்லி ஹீல் செருப்பு. ஹீல் அடியில இருந்த ரப்பர் தேஞ்சு ஆணி தெரியுது. டைல்ஸ் தரையில நடந்தா டக் டக்னு சத்தம்.

மூணாவது எங்க வீட்டுக்காரரோட கருப்பு ஷூ. கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் போடுவாங்க, மத்த நேரம் டப்பாவுக்குள்ளதான். வாங்கி நாலு வருஷம் இருக்கும். போன வாரம் எடுத்துப் போட்டா அடிப்பாகம் கட்டி கட்டியா உதிருது. தைக்கிற அண்ணாச்சிகிட்ட கொண்டு போனா, பார்த்த உடனே "இது வேண்டாம்மா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு. மேல்பாகம் புதுசு போலவே இருக்கு. ஏன் முடியாதுங்கிறாரு?

டவுன்_மணி

அக்கா, பேஸ்ட் ஒட்டுறதெல்லாம் ஒரு மாசம் தாங்காது. மூணையும் தைக்கச் சொல்லுங்க. நைலான் நூல்ல சுத்தித் தைச்சா அதுபாட்டுக்குக் கிடக்கும். அந்த வளையத்துக்கு மட்டும் அவசரம்னா கடையில விக்கிற சின்ன டியூப் பசை இருக்குல்லா, ஒரு சொட்டு விட்டு அமுக்கிப் பிடிங்க, அரை நிமிஷத்துல பிடிச்சிரும்.

குத்தூசி

மணி தம்பி, தைக்கணும்னு நீங்க சொல்றது வளையத்துக்குச் சரி. மத்த ரெண்டுக்கும் சரிவராது. அந்தச் சின்ன டியூப் பசையை வளையத்துல மட்டும் விட்டுராதீங்க. காரணம் கீழே சொல்லுதேன்.

தங்கச்சி, முதல்ல வளையத்தை எடுத்துக்கிடுவோம். உங்க மூணு ஜோடியில காசு செலவழிக்கிறதுக்கு ரொம்பத் தகுதியானது அதுதான்.

வார் உருவிக்கிட்டு வந்தா நுனியை முதல்ல பார்க்கணும். நுனி முழுசா, வழவழன்னு பசை படிஞ்சு வந்திருந்தா பசைதான் கைவிட்டிருக்கு, தோல் நல்லாயிருக்குன்னு அர்த்தம். நுனி பிய்ஞ்சு நார் நாரா இருந்தாலோ, ஊசித் துளை வரிசையிலேயே கிழிஞ்சிருந்தாலோ தோல்தான் போயிருக்கு. அப்போ அதே நுனியைத் திரும்ப உள்ளே செருகிப் பிரயோஜனம் இல்லை, ஒட்டுத் துண்டு வச்சுத்தான் நீட்டணும். நீங்க சொல்றது முதல் வகை, வேலை சுலபம்.

மேல்தட்டுக்கும் அடிச்சோலுக்கும் நடுவுலதான் வார் நுனி உட்கார்ந்திருக்கும். வந்த இடத்துல ஓரமா மழுங்கின கத்தியை விட்டு, வாருக்கு இந்தப்பக்கம் ஒரு 3 செ.மீ., அந்தப்பக்கம் ஒரு 3 செ.மீ. திறக்கணும். அதுக்கு மேல திறக்கக் கூடாது. நல்லா ஒட்டியிருக்கிற இடத்தையும் பிரிச்சா நாளைக்கு அது ஒரு தனி ரிப்பேர். திறந்த பிறகு பழைய பசையை உரிச்சு எடுக்கணும். பிறகு முரட்டு உப்புத்தாளால வார் நுனியையும் உள்பக்கத்தையும் தேய்க்கணும். வழவழப்பு போய் தோல் பொசுபொசுன்னு எழும்பி வரணும். நூத்துக்குத் தொண்ணூறு செருப்பு இந்த இடத்துலதான் தோத்துப்போவுது. அவசரத்துல பழைய பசை மேலேயே புதுப் பசையைத் தடவுறது, அது பழசைப் பிடிச்சிக்கிடும், பழசு தோலைப் பிடிக்காது.

தூசியைத் துடைச்சிட்டு மஞ்சள் பேஸ்டை ரெண்டு பக்கமும் மெலிசாத் தடவணும். தோல் முதல் கோட்டைக் குடிச்சிரும், அதனால 10 நிமிஷம் கழிச்சு இன்னொரு கோட்டு. அதுவும் காயணும். விரல் முட்டியை வச்சுப் பார்த்தா ஒட்டுற மாதிரி இழுக்கணும், ஆனா பசை விரல்ல வரக் கூடாது. அந்தப் பதம் வந்த பிறகுதான் ரெண்டையும் சேர்க்கணும். ஈரமாச் சேர்த்தா உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேற வழியில்லாம நாள் கணக்கா வழுவழுன்னே கிடக்கும். பதத்துல சேர்த்தா ஒரே தடவைதான், நகர்த்த முடியாது.

அதனாலதான் சேர்க்கிறதுக்கு முன்னாடியே அளவு பார்க்கணும். தைக்கக் கொடுக்கும்போது செருப்பை மட்டும் கொடுத்துட்டு வந்துராதீங்க, உங்க காலும் அங்க இருக்கணும். வாரைச் செருகி, காலைப் போட்டு, வாருல பேனாவால ஒரு கோடு போடச் சொல்லுங்க. வலது கால் செருப்பை எடுத்து வளையத்தோட உயரம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. சாயங்காலம் போறது நல்லது. காலையில பார்த்த அளவு சாயங்காலம் விரலை நெரிக்கும், நடந்து நடந்து கால் கொஞ்சம் பருத்திருக்கும்லா.

உள்ளே போற நுனி 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஒட்டிச் சுத்தியலால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தட்டி, அதுக்கு மேல தையல். ஓரத்துல இருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி, தையலுக்குத் தையல் 5, 6 மி.மீ. இடைவெளி போதும். நெருக்கித் தைச்சா பலம்னு நினைக்காங்க. தோல்ல துளை நெருங்க நெருங்க தபால்தலை ஓரம் மாதிரி ஆயி, ஒருநாள் வரிசையோட கிழிஞ்சிரும்.

தைச்சு வாங்கின அன்னைக்கே போட்டுக்கிட்டு நடக்காதீங்க. பசைக்கு முழுப் பலம் வர ஒரு நாள் ஆவும்.

செண்பகம்_பாளை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல, ரொம்ப நன்றி அண்ணாச்சி. அந்தச் சின்ன டியூப் பசையை ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? வீட்டுல ரெண்டு டியூப் இருக்கு.

தோல்பட்டறை

அதுக்கு நான் சொல்றேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில ஒட்டுப் பிரிவுல இருக்கேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம்.

அந்தப் பசை காய்ஞ்சா கண்ணாடி போல விறைப்பாயிரும். பீங்கான் கப்புக்கு அது நல்லது. செருப்போ ஒவ்வொரு அடிக்கும் மடங்குது, விறைப்பான பசை மடங்காம வெடிக்குது. அதோட போச்சுன்னா பரவாயில்லை. தோலுக்குள்ள ஊறி நார்களை எல்லாம் கெட்டியாக்கிட்டுப் போயிருது. பிறகு வர்ற பேஸ்ட் அந்த இடத்துல பிடிக்கவே பிடிக்காது. கத்தியால சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தோலோட மேல் அடுக்கையே எடுத்தாத்தான் உண்டு. ஏற்கெனவே 2 மி.மீ. கனம் இருக்கிற வாரை அப்படி எடுத்தா என்ன மிஞ்சும்?

குத்தூசி அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். மஞ்சள் பேஸ்ட் தோலுக்கும் ரப்பருக்கும் துணிக்கும் நல்லாப் பிடிக்கும். பி.வி.சி. சோல்ல பிடிக்காது. பிடிச்ச மாதிரி இருக்கும், சில வாரத்துல சோல்ல இருந்து எண்ணெய் கசிஞ்சு பசையைக் கரைச்சிரும். பிரிச்சுப் பார்த்தா பசை நூல் நூலா இழுபடும். அப்படி இழுபட்டா மறுபடியும் அதே பேஸ்டை ஒட்டாதீங்க. அதுக்கு பி.யு. பசைன்னு தனியா உண்டு. தடவிக் காயவிட்டு, சூடு காட்டி, உடனே அழுத்தணும். எல்லார்கிட்டயும் அது இருக்காது, கேட்டுட்டுக் கொடுங்க.

களக்காட்டு_வாழை

வார் மாத்துறது இவ்வளவு கஷ்டமா? எங்க வீட்டுல நாங்களே மாத்துதோம். புது வார் வாங்கி, பழசை வெட்டி எறிஞ்சிட்டு, மூணு துளையிலயும் குமிழை அமுக்கினா முடிஞ்சு போச்சு. சோப்புத் தண்ணியைத் தடவினா சுலபமா உள்ளே போவும். இதுக்குப் போய் தைக்கிற கடைக்கு எதுக்கு?

குத்தூசி

நீங்க ஹவாய்ச் செருப்பைச் சொல்லுதீங்க. தங்கச்சி கேக்குறது தோல் செருப்பு. ஆனாலும் அதைச் சொன்னதுக்கு நன்றி, இங்க வாசிக்கிற நிறையப் பேருக்கு அதுதான் தேவைப்படும்.

அதுல ரெண்டு விஷயம். அமுக்குறதை விட இழுக்கிறது நல்லது. மேலிருந்து குமிழைத் துளைக்குள்ள பாதி நுழைச்சிட்டு, அடியில இருந்து குறடால பிடிச்சு இழுத்தா குமிழ் முழுசா வெளிய வந்து விரியும். மேல இருந்தே குத்தி அமுக்கினா வாரோட கழுத்துல கீறல் விழுந்து, புது வார் அந்த இடத்துலயே அறும். இன்னொண்ணு, முன் துளை பெருசாயிருச்சுன்னா எத்தனை புது வார் போட்டாலும் குமிழ் உருவிக்கிட்டே வரும். அடியில ஒரு வட்ட ரப்பர் துண்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, நடுவுல துளை போட்டு வச்சு அதுல குமிழை மாட்டலாம். அப்படியும் துளை ஓரம் கிழிஞ்சு விரல் பக்கம் வாய் பிளந்திருந்தா பலகையே போச்சு, விட்டுருங்க. குதிகால் பக்கம் தேஞ்சு மெலிஞ்சு வெளிச்சம் தெரிஞ்சாலும் அதேதான். புது வாரைப் பழைய பலகையில போடுறது காசு விரயம்.

களக்காட்டு_வாழை

எங்க வீட்டுல முன் துளைக்கு அடியில ஒரு ஊக்கைக் குத்தி வச்சிருக்கோம். அது ஆவாதா?

குத்தூசி

ஈரத்துல துருப்பிடிச்சு ஒடியும், ஒடிஞ்ச முனை காலைக் குத்தும். ரப்பர் வட்டம் வையுங்க.

மேலப்பாளையம்_நிஷா

செண்பகம் அக்காவோட ஹீலைப் பத்தி யாரும் சொல்லலியே. எனக்கும் அதே பிரச்சினை. எங்க ஏரியாவுல ஒருத்தர் ரப்பரை வேண்டாம்னு சொல்லி இரும்பு லாடம் அடிச்சுத் தரட்டுமான்னு கேட்டாரு, தேயவே தேயாதுன்னாரு.

குத்தூசி

லாடம் தேயாதுங்கிறது உண்மை. ஆனா டைல்ஸ்லயும் வழவழக் கல்லுலயும் இரும்பு வழுக்கும், ஒல்லி ஹீல்ல தரையைத் தொடுற இடமே ஒரு விரல் நுனி அகலம்தான். பொம்பளைங்க செருப்புக்கு வேண்டாம்மா. ஆம்பளைங்க ஷூவுல பின் ஓரத்துல பிறை மாதிரிச் சின்னதா அடிக்கிறது வேற.

ஒல்லி ஹீல் டிப் எப்படி உட்கார்ந்திருக்குன்னு தெரிஞ்சா மாத்துற வேலை விளங்கிரும். ஹீல் பிளாஸ்டிக். அதுக்கு நடுவுல நெட்டுக்க ஒரு இரும்புக் குழாய் இருக்கும். டிப்புல இருக்கிற சின்ன இரும்பு முளை அந்தக் குழாய்க்குள்ள இறுகி உட்காரும். பழசைக் குறடால ஆட்டி ஆட்டி நேரா இழுத்து எடுப்பாங்க, புதுசை வச்சுச் சுத்தியலால தட்டி, ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிறதைக் கத்தியால சீவி, உப்புத்தாள்ல உரசிக் கொடுப்பாங்க. பத்து நிமிஷ வேலை. வாங்கும்போது ஒண்ணை மட்டும் கவனியுங்க: முளை கனம் குழாய்க்குச் சரியா இருக்கணும். மில்லிமீட்டர்ல கால்பங்கு குறைஞ்சாக்கூட ஆடும். ஆடுற முளையில தாளைச் சுத்தியோ தீக்குச்சியைச் சொருகியோ அடிச்சுக் கொடுத்தா பஸ்ஸ்டாண்டு போறதுக்குள்ள கழண்டிரும். ஒரு நம்பர் பெரிய முளை இருக்கிற டிப்பாக் கேளுங்க.

செண்பகம் தங்கச்சி சொன்ன டக் டக் சத்தம்தான் நேரம் வந்துட்டுங்கிற அடையாளம். ரப்பர் போயி ஆணித்தலை தரையைத் தொடுது. இப்பவே மாத்தினா சின்னச் செலவு. இதோடயே இன்னும் ஒரு மாசம் நடந்தா ஹீல் பிளாஸ்டிக்கே பின்பக்கம் சரிவாத் தேயும். பிறகு புது டிப் சமமா உட்காராது, ஒரு பக்கம் இடைவெளி தெரியும், அந்தப் பக்கமா ஹீல் சாயும். அதைச் சரிபண்ணணும்னா ஹீல் அடியைச் சமமா அறுக்கணும், ரெண்டு காலுலயும் ஒரே அளவுக்கு. 2, 3 மி.மீ. வரைக்கும் அறுக்கலாம். அதுக்கு மேல அறுத்தா செருப்போட முன்பக்கம் தரையை விட்டுத் தூக்கிக்கிடும், நடையே மாறும்.

ரெண்டு டிப்பையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா உயரம் ஒத்துப்போவாது.

மேலப்பாளையம்_நிஷா

என்னுது கட்டை ஹீல். அதுலயும் முளைதானா?

குத்தூசி

இல்லைம்மா. கட்டை ஹீலுக்கு முளை டிப் கிடையாது. 5, 6 மி.மீ. ரப்பர் ஷீட்டை ஹீல் அளவுக்கு வெட்டி, பேஸ்ட் போட்டு, நாலைஞ்சு சின்ன ஆணி அடிப்பாங்க. ஆணித்தலை ரப்பருக்குள்ள அமுங்கியிருக்கணும். மேலேயே இருந்தா வழுக்கும், தரையையும் கீறும். விரலால தடவிப் பார்த்து வாங்குங்க.

செண்பகம்_பாளை

சரி, ஷூ விஷயம்? மேல்பாகம் அவ்வளவு நல்லாயிருக்கு. உபயோகிக்காமலே வச்சிருந்தது எப்படி உதிரும்னுதான் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க.

தோல்பட்டறை

அது பி.யு. சோல், பாலியூரித்தேன் நுரை. லேசா இருக்கும், மெத்துன்னு இருக்கும், அதனால ஆம்பளைங்க ஷூ, செருப்பு நிறையவற்றுல அதுதான். அந்தப் பொருளுக்குத் தண்ணி ஆவி எதிரி. காத்துல இருக்கிற ஈரம் உள்ளே புகுந்து, அந்த நுரையைப் பிணைச்சு வச்சிருக்கிற சங்கிலியை ஒவ்வொண்ணா வெட்டும். நீங்க நடந்தாலும் நடக்காட்டியும் அது பாட்டுக்கு நடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தா வேகம் கூடும். நம்ம ஊர்ல சித்திரை, வைகாசி வெயில்ல அலமாரிக்குள்ள சுடும், ஐப்பசி, கார்த்திகையில ஈரம் ஊறும். டப்பாவுல பூட்டி வச்சா அந்த ஈரம் வெளியேற வழியும் இல்லை. நாலு வருஷம்கிறது அதுக்குச் சராசரி ஆயுசுதான்.

அண்ணாச்சி ஏன் திருப்பிக் கொடுத்தாருன்னா, அந்த சோல்ல ஊசி போட்டா நூல் பன்னை அறுக்கிற மாதிரி அறுத்துக்கிட்டுப் போயிரும். பசை போட்டா பசை நல்லாத்தான் பிடிக்கும், பிடிச்ச இடத்துக்குக் கீழே சோல் உதிர்ந்து வரும். ஒட்டிக் கொடுத்து அடுத்த கல்யாணத்துல கழண்டு விழுந்தா அவர் பேருதான் கெடும். நேர்மையாச் சொல்லியிருக்காரு.

மணி சொன்ன "மூணையும் தைங்க" இங்கதான் சரிவராம போவுது.

டவுன்_மணி

ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா எங்க அப்பாவோட ஷூ பத்து வருஷம் ஓடிச்சு, சுத்தித் தைச்சதுதான். அதுவும் கருப்பு ஷூதான்.

தோல்பட்டறை

அது ரப்பர் சோலா இருக்கும். கையில எடுத்தா கனமா இருந்திருக்கும். ரப்பருக்கு இந்த நோய் கிடையாது.

வீட்டுலயே சோதிக்கலாம். சோல் ஓரத்துல பெருவிரல் நகத்தை அழுத்துங்க. நல்ல சோல்னா அமுங்கி நிமிரும். கெட்டுப்போனதுன்னா தடம் அப்படியே நிக்கும், இல்லைன்னா பொடி வரும், சிலது பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். முன்பாதத்தை மடக்கிப் பாருங்க, குறுக்கே மெலிசா வெடிப்பு ஓடினா இன்னும் சில மாசம்தான். தைக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துட்டா கூலி மிச்சம்.

பேட்டைக்காரன்

ஒரு சந்தேகம். பி.யு. சோல் ஷூவை அடிக்கடி போட்டா உதிராதுன்னு சொல்லுதாங்க. நடக்கும்போது அழுத்தி அழுத்தி ஈரம் வெளிய போயிரும்னு காரணமும் சொல்லுதாங்க. நெசமா?

தோல்பட்டறை

தினமும் போடுற ஜோடி கூடுதல் நாள் வர்றதைப் பார்க்கலாம். ஆனா அதுக்குள்ள அது தேஞ்சும் போயிருதே, அதனால உதிர்ற கட்டம் வரவே இல்லைங்கிறது என் கணக்கு. டப்பாவுல பூட்டாம காத்தோட்டமா வைக்கிறதுதான் உருப்படியான வழி.

குத்தூசி

நான் இதுல உங்களோட ஒத்துப்போகல. ஒரே கடையில ஒரே சமயம் வாங்கின ரெண்டு ஜோடியில போட்டது நிக்குது, வச்சது உதிருது. இதை எத்தனையோ தடவை கடைக்குக் கொண்டு வாராங்க. போட்ட ஜோடியில சோல் பாதிகூடத் தேயல. தேஞ்சதால தப்பிச்சதுன்னு சொல்ல முடியாது.

தோல்பட்டறை

கூடவே அதை எங்க வச்சிருந்தாங்கங்கிறதும் இருக்குல்லா அண்ணாச்சி. போட்டது வாசல்ல காத்துல கிடக்கும், வச்சது பீரோவுக்குள்ள கிடக்கும். நடையா, காத்தான்னு பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

செண்பகம்_பாளை

அப்போ ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? மேல்பாகத்துக்காகவாவது ஒரு வழி இல்லையா?

குத்தூசி

ஒரு வழி உண்டு, அடியை முழுசா மாத்துறது. பழைய பி.யு.வைக் கடைசித் துணுக்கு வரைக்கும் சுரண்டி எடுத்துட்டு, அளவு நம்பருக்கு ரெடிமேடு ரப்பர் சோல் வாங்கி ஒட்டி, பக்கம் சுத்தித் தைக்கிறது. துணுக்கு மிஞ்சினா அதுவும் உதிரும், அது மேல ஒட்டினதும் வரும். பாதி நாள் வேலை. கூலி, சோல் ரெண்டும் சேர்ந்து, அதே தரத்துல புது ஷூ விலையில மூணுல ஒரு பங்குக்குள்ள வந்தா செய்யுங்க. தாண்டினா வேண்டாம்.

ஆனா அதுக்கு முன்னாடி மேல்பாகம் நெசமாவே தோல்தானான்னு பாருங்க. "புதுசு போலவே இருக்கு"ன்னு நீங்க சொன்னதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. நாக்கை வெளிய இழுத்து, அதோட வெட்டு ஓரத்தைப் பாருங்க. தோல்னா ஓரம் முழுக்க நார் தெரியும். ரெக்சின்னா மேல மெலிசா ஒரு பிளாஸ்டிக் படலம், கீழ துணி. ரெக்சினுக்குப் புது சோல் போடுறது வீண். இன்னும் ஒரு வருஷத்துல அந்தப் படலமே செதில் செதிலா உரியும், அதுக்கு மருந்தே கிடையாது. சாயம் அடிச்சாலும் பாலிஷ் போட்டாலும் உரிஞ்சது உரிஞ்சதுதான்.

மேலப்பாளையம்_நிஷா

என் செருப்பு ரெக்சின் வார்தான், பக்கிள் கிட்ட தையல் விட்டுப்போச்சு. அதைத் தைக்கவே கூடாதா?

குத்தூசி

தைக்கலாம், முறை இருக்கு. ரெக்சின் வாரை அதே துளையில திரும்பத் தைச்சா கிழிஞ்சிரும், துணி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். வாருக்கு அடியில மெலிசான தோல் துண்டு ஒண்ணு, 3 செ.மீ. நீளத்துக்கு, பேஸ்ட் வச்சு ஒட்டி, ரெண்டையும் சேர்த்து, பழைய துளையை விட்டு 3 மி.மீ. தள்ளித் தைக்கச் சொல்லுங்க. பாரத்தைத் தோல் தாங்கிக்கிடும், ரெக்சின் பேருக்கு மேல கிடக்கும். வார் மேல ஏற்கெனவே உரிய ஆரம்பிச்சிருந்தா வாரையே தோல்ல மாத்திருங்க. சின்ன வார்தானே, அதிகம் ஆவாது.

செண்பகம்_பாளை

நாக்கைப் பார்த்துட்டேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே மேல படலம், கீழ துணி. ஷூவை விட்டாச்சு. ஹீலையும் வளையத்தையும் நாளைக்குச் சாயங்காலம் கொண்டு போறேன்.

தோல் செருப்பைப் பத்தி இன்னும் ஒண்ணு. போன சீசன்ல குற்றாலத்துக்குப் போட்டுட்டுப் போயி நனைஞ்சு, திரும்பி வந்து மாடியில வெயில்ல காய வச்சேன். பசை விட்டது அதனாலதான் இருக்குமோ?

தோல்பட்டறை

கண்டிப்பா அதுக்குப் பங்கு உண்டு. நனைஞ்ச தோல் வெயில்ல வேகமாக் காய்ஞ்சா சுருங்கும். சோல் சுருங்காது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பசையை ரெண்டு பக்கமும் இழுக்கும். மொட்டை மாடித் தளம் மத்தியானம் சுடுற சூட்டுல மஞ்சள் பேஸ்ட் இளகவும் செய்யும். கோயில் வாசல்ல உச்சி வெயில்ல விட்டுட்டுப் போற செருப்புக்கும் இதே கதிதான். நனைஞ்சா துணியால ஒத்தி எடுத்து, உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி வச்சு, நிழல்ல ஃபேன் காத்துல ரெண்டு நாள் காய விடுங்க. காய்ஞ்ச பிறகு மேல்தோலுக்குக் கொஞ்சம் பாலிஷோ தேங்காய் எண்ணெயோ மெலிசாத் தடவலாம்.

குத்தூசி

தேங்காய் எண்ணெய் வேண்டாம். பசை ஓரத்துல இறங்கினா பிறகு எதை ஒட்டினாலும் வழுக்கிக்கிட்டு வரும். எண்ணெய் ஊறின வாரைக் கொண்டு வந்தா பெட்ரோல் போட்டுத் துடைச்சுத்தான் ஒட்ட வேண்டியிருக்கு. மெழுகு பாலிஷ் போதும்.

தோல்பட்டறை

ஓரத்துல படாம வெறும் மேற்பரப்புல தடவினா ஒண்ணும் ஆவாது. ஆனா எல்லாரும் அவ்வளவு கவனமாத் தடவ மாட்டாங்க, அதனால நீங்க சொல்றதே இருக்கட்டும்.

பேட்டைக்காரன்

இவ்வளவு பேசுதீங்களே, இதையும் சொல்லிருங்க. புது ஷூ வாங்கின கையோட தைக்கக் கொடுத்துச் சுத்தித் தைச்சு வாங்குறது நம்ம ஊர்ப் பழக்கம். செய்யலாமா, கூடாதா? பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கணும்.

குத்தூசி

சோலோட பக்கச் சுவர் மேல்பாகத்து மேல ஏறி நிக்கணும், குறைஞ்சது 8 மி.மீ. அந்தச் சுவர் ரப்பராவோ கெட்டி பி.வி.சி.யாவோ இருந்தா தாராளமாத் தைக்கலாம். ஸ்கூல் ஷூ பெரும்பாலும் அப்படித்தான் வருது, பையங்க மடக்கி மடக்கி முன்பக்கம்தான் வாய் பிளக்கும், அதைத் தையல் தடுக்கும். பி.யு. சோல்ல தைக்காதீங்க. ஒவ்வொரு துளையும் ஈரம் உள்ளே போக ஒரு வாசல்.

தோல்பட்டறை

நான் புது ஷூவைத் தைக்கிறதுக்கே எதிர். கம்பெனியில ஒட்டினது நல்லா ஒட்டியிருந்தா அதுக்குத் தையல் தேவையில்லை. ஒட்டு சரியில்லைன்னா முதல் மாசத்துலயே முன் ஓரத்துல தெரியும், அப்போ கடையில மாத்திக் கேக்கலாம். தைச்சிட்டா மாத்தித் தர மாட்டாங்க.

குத்தூசி

ஒரு மாசம் கழிச்சு மாத்தித் தர்ற கடை எத்தனை இருக்கு? ஸ்கூல் ஷூ வாங்குறவுக அதை நம்பி உட்கார முடியாது.

பேட்டைக்காரன்

சரி, நான் இப்படிச் செய்யுதேன். முதல் மாசம் தைக்காமப் போடச் சொல்லி, வாராவாரம் முன் ஓரத்தை நகத்தால நெம்பிப் பார்க்கேன். பிரியலைன்னா பக்கச் சுவரை அளந்துட்டு, காலாண்டு லீவுல தைக்கக் கொடுக்கேன். நூல் என்ன நூல் கேட்கணும்?

குத்தூசி

மெழுகு போட்ட நைலான். பருத்தி நூல் மழையில இத்துப்போவும். தைக்கும்போது தையல் விழுற இடத்துல சோல்லயே ஒரு பள்ளக் கோடு கீறி, நூல் அதுக்குள்ள அமுங்கணும்னு சொல்லுங்க. வெளிய துருத்திக்கிட்டு இருந்தா சிமெண்டு தரையில உரசி ஒரு மாசத்துல அறுந்திரும்.